சின்யோராவின் முகமும் கம்பனியின் கடதாசியும்

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் நடத்தும் சங்கமொன்றின் ஆண்டு மலரில் அண்ணர் ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். கம்பனியின் மனிதவளப் பிரிவிலிருந்து 'உன் வேலை போதாது, திருந்து' என்று மின்னஞ்சல் வந்தால் எங்கள் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பது விஷயம். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. முப்பது வருசத்துக்கு மேலாக இந்த ஊரில் எங்கள் சனத்துக்கு வேலை தேடிக் கொடுத்தவர், பெர்மெஸ்ஸோ வரிசையில் கூட நின்றவர். அவர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. ஒரு முட்டாள் எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

அவர் சொல்வது சுருக்கமாக இதுதான். மின்னஞ்சலின் தொனியைப் பார். அன்பாக எழுதியிருந்தால் பயமில்லை. கோபத்தில் பதில் எழுதாதே, ஒரு கிழமை ஆறப்போடு. பிறகு மன்னிப்புக் கேட்டு நன்றியோடு நாலு வரி எழுது. பதிவுத் தபால் வந்தால் வாங்காதே, வாங்காத கடிதம் செல்லாது. நிலைமை முற்றினால் துரத்துமுன் நீயே விலகு. மரியாதையும் மிஞ்சும், பெர்மெஸ்ஸோவும் தப்பும்.

இவ்வளவு பிழையை இரண்டு பக்கத்துக்குள் அடக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு வந்த கடிதத்தை வைத்தே இதைப் பேசுவோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குடும்பம் இருப்பது சியாகுல்லியில். பத்திரிகைக்காரர்களுக்கு அந்த ஊர் 1963 ஜூன் 30இல் படையினரும் பொலிஸாருமாக ஏழு பேரைக் கொன்ற கார்க்குண்டு. சந்தைக்காரர்களுக்கு, மற்ற இடங்களில் முடிந்தபிறகு மார்ச் வரை பழுக்கும் மாண்டரின் தோடை. எங்களுக்கு அது பஸ் பிந்தி வரும் ஊர். பிள்ளை பலெர்மோ நகரத்தில் ஒரு கோல் சென்டரில் நிரந்தர ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள். தகப்பனும் தாயும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு 'தனிநபர் முன்னேற்றத் திட்டம்'. முதல் பந்தியில் அவளுடைய உற்சாகத்துக்கு நன்றி. இரண்டாவதில், ஒரு அழைப்புக்கு அவள் எடுக்கும் சராசரி நேரம் ஏழரை நிமிடம், இலக்கு ஆறு நிமிடம். மூன்றாவதில், முப்பது நாளுக்குள் 'குழுவின் சராசரியைக் குறிப்பிடத்தக்க அளவு நெருங்க வேண்டும்', செவ்வாய்தோறும் குழுத் தலைவருடன் சந்திப்பு, இடைக்கணிப்பு 21ஆம் திகதி, முடிவு ஏப்ரல் 7. கடைசியில் 'உங்கள் வளர்ச்சியில் எங்களுக்கு நம்பிக்கை உண்டு'. அதற்கு மேலே ஒரு சின்ன வாக்கியம்: முன்னேற்றம் இல்லையென்றால் சட்டம் தரும் எல்லா வழிகளையும் ஆராயும் உரிமையை நிறுவனம் தன் கையில் வைத்திருக்கிறது. இணைப்பில் இரண்டு பக்கம்.

அண்ணரின் முறைப்படி படித்தால் இது அன்பான கடிதம். நன்றி இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது. இணைப்பைத் திறக்க வேண்டிய தேவை அவருடைய முறையில் வருவதே இல்லை. திறந்த பிள்ளைக்குத் தெரிந்தது இது: மார்ச் 3ஆம் திகதி இரண்டு வாடிக்கையாளர்களின் அழைப்பை அவள் வேண்டுமென்றே துண்டித்தாள் என்று நேரத்தோடு எழுதியிருந்தது. 1970ஆம் ஆண்டின் 300ஆம் இலக்கச் சட்டம், 7ஆம் பிரிவு என்று இருந்தது. ஐந்து நாளுக்குள் விளக்கம் தரும்படி கேட்டிருந்தது.

ஒரே மின்னஞ்சலில் வந்தவை இரண்டு வேறு சாதிக் கடதாசிகள். முன்னேற்றத் திட்டத்துக்கு இத்தாலியச் சட்டத்தில் தனி வடிவம் கிடையாது. அது தண்டனையும் அல்ல. அதில் உள்ள திகதிகள் கம்பனி தானே போட்டவை. இணைப்பில் இருந்ததோ கொன்தெஸ்தாத்சியோனே திசிப்லினாரே, எழுத்திலான ஒழுக்காற்றுக் குற்றச்சாட்டு. தொழிலாளர் சாசனம் என்று இந்த நாட்டில் சொல்லும் அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதற்கு ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது. குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். தொழிலாளியின் பேச்சைக் கேட்க வேண்டும். எழுத்தில் கொடுத்து ஐந்து நாள் கழியுமுன் வாய்க்கண்டிப்பைவிடப் பெரிய எந்தத் தண்டனையும் போடக்கூடாது. தொழிற்சங்கப் பிரதிநிதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நேரில் பேசவும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

இனி அண்ணரின் 'ஒரு கிழமை ஆறப்போடு' என்ற ஞானத்தை இந்தத் திகதிகளோடு வைத்துப் பாருங்கள். 7ஆம் திகதி கிடைத்தது. கிடைத்த நாளை விட்டு எண்ணினால் சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, செவ்வாய் நாலு, புதன் ஐந்து. கூட்டு ஒப்பந்தம் வேலை நாள் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் சனி ஞாயிறும் கணக்கில் சேரும். 12ஆம் திகதியோடு முடிந்தது. அண்ணர் சொன்னபடி 14ஆம் திகதி நன்றியோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கினால், கம்பனி 13ஆம் திகதியே, 'விளக்கம் எதுவும் வரவில்லை' என்று தொடங்கித் தண்டனைக் கடிதம் எழுதியிருக்கலாம். பிறகு நீதிமன்றத்தில் பேசும் உரிமை போய்விடாது என்பது உண்மை. ஆனால் தண்டனைக்கு முன் தன் பக்கத்தைச் சொல்லக் கிடைத்த ஒரே இடத்தில் பிள்ளை வாய் மூடி இருந்ததாகத்தான் கோப்பு சொல்லும். மின்னஞ்சலில் வந்தது முறையான ஒப்படைப்பா என்று வழக்கறிஞர்கள் பிறகு சண்டை பிடிக்கட்டும். எண்ணும்போது நாங்கள் திறந்து படித்த நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

மன்னிப்புக் கடிதம் இதைவிட மோசம். மார்ச் 3இல் நடந்தது என்ன? துண்டிக்கப்பட்ட இரண்டு அழைப்பில் ஒன்று கணினி இணைப்பு விழுந்ததால் நின்றது. அந்த மணித்தியாலத்தில் பக்கத்து மேசைகளிலும் நின்றது. மற்றதில் வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையால் ஏசினார், பிள்ளை துண்டித்தாள். ஏசுகிறவருக்கு முதலில் ஓர் எச்சரிக்கை சொல்லிவிட்டுத்தான் துண்டிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அவள் சொல்லவில்லை. ஆக ஒன்றில் குற்றமே இல்லை, மற்றதில் பாதிக் குற்றம். 'மன்னியுங்கள், இனி இப்படி நடக்காது' என்று எழுதினால் இரண்டும் முழுக் குற்றமாகிவிடும். குற்றத்தை நிரூபிக்கும் பாரம் கம்பனியின் தலையில் இருக்கிறது. அண்ணர் அதை இறக்கிப் பிள்ளையின் கையால் எழுதி வாங்கிக் கொடுக்கிறார். சம்பளமில்லாமல் கம்பனிக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்கிறவரை நான் கண்டதில்லை.

பிள்ளை உண்மையில் எழுதியது ஐந்து வரி. 7ஆம் திகதியிட்ட கடிதம் கிடைத்தது. அதில் சொல்லியபடி நடந்ததை மறுக்கிறேன். தொழிற்சங்கப் பிரதிநிதியுடன் நேரில் பேசக் கேட்கிறேன். அந்த இரண்டு அழைப்பின் பதிவுகளையும் அன்றைய இணைப்புக் கோளாறு அறிக்கையையும் தாருங்கள். விரிவாக எழுதும் உரிமையை வைத்துக்கொள்கிறேன். கோபமில்லை, கண்ணீருமில்லை. திங்கட்கிழமை காலை சங்க அலுவலகத்தில் அதைப் பார்த்துத் திருத்தி, மத்தியானம் சட்ட மதிப்புள்ள மின்னஞ்சலான பெக் வழியாக அனுப்பினார்கள். பெக் இல்லாதவர் பிரதியில் கம்பனியின் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கலாம். குழுத் தலைவர் நேரில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் திகதி போட்டு வைத்தால் போதும். ஏற்றுக்கொள்வதாக எழுதச் சொல்லிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

அடுத்தது பதிவுத் தபால். கம்பனி அதே குற்றச்சாட்டைத் தாளிலும் சியாகுல்லி வீட்டுக்கு அனுப்பியது. ஆள் இல்லாத நேரத்தில் வந்த தபால்காரர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டுப் போனார். வாங்காத கடிதம் செல்லாது என்ற நம்பிக்கை எங்கள் சனத்திடம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. இத்தாலியக் குடியியல் சட்டக்கோவையின் 1335ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது. முகவரிக்கு வந்து சேர்ந்த அறிவித்தலை அறிந்ததாகவே கொள்ளும். தன் தவறின்றி அறிய முடியாமல் போனது என்று நிரூபிக்கும் வேலை கடிதம் யாருக்கு வந்ததோ அவருடையது. நாள் ஓடத் தொடங்க அந்தச் சீட்டே போதும். தபால் கந்தோர் ஒரு மாதம் கடிதத்தை வைத்திருக்கும், ஐந்து நாளோ காத்திருக்காது. வாங்காதவர் இழப்பது ஒன்றுதான்: உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்ற அறிவு.

முன்னேற்றத் திட்டத்துக்குத் திரும்புவோம். அண்ணர் இதில் 'கூடுதலாகப் பாடுபட்டால் சரியாகிவிடும்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார். எதற்குப் பாடுபடுவது? 'குறிப்பிடத்தக்க அளவு நெருங்க வேண்டும்' என்ற வாக்கியத்தை மறுபடி படியுங்கள். ஏழு நிமிடம் போதுமா? ஆறரை? ஏப்ரல் 7ஆம் திகதி அதற்கு அர்த்தம் சொல்லப் போவது கம்பனி மட்டுமே. எண் இல்லாத இலக்கை எவரும் அடைய முடியாது, அடையவில்லை என்று மட்டும் எவரும் சொல்லலாம்.

அதைவிடப் பெரிய பிழை அந்தச் சராசரியில் இருந்தது. கோல் சென்டரில் எல்லா அழைப்பும் ஒன்றல்ல. பில் கேட்டு வருகிறவரை மூன்று நிமிடத்தில் அனுப்பலாம். இணையம் வேலை செய்யாதவரிடம் பெட்டியை நிறுத்து, திரும்பப் போடு, விளக்கு எரிகிறதா பார் என்று தொடங்கினால் பத்து நிமிடமும் போதாது. இந்தப் பிள்ளை ஜனவரி முதல் கோளாறு அழைப்பு வரிசையில் இருந்தாள். குழுச் சராசரி என்று போட்ட ஆறு நிமிடம் இரண்டு வரிசையையும் கலந்து எடுத்தது. குறைந்த வேலைத்திறனுக்காக ஆளை நீக்கும் வழக்குகளில் இத்தாலிய உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்பது, ஒரே வேலையைச் செய்கிற மற்றவர்களின் சராசரியோடு பார்த்தால் இந்த ஆள் பெரிய அளவில் பின்தங்கியிருக்கிறாரா, அது அவருடைய அசட்டையால்தானா என்பதே. இலக்கைத் தொடவில்லை என்பது மட்டும் போதாது. நிரூபிக்க வேண்டியதும் கம்பனிதான்.

எனவே திட்டத்துக்கான பதிலில் கேள்விகளே இருக்க வேண்டும். எந்த அழைப்புகளை எடுத்தீர்கள், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்த வரிசை, யாரோடு ஒப்பிட்டீர்கள், ஏப்ரல் 7இல் எந்த எண் வந்தால் திட்டம் நிறைவேறியதாகக் கொள்வீர்கள். இன்னொன்றும் உண்டு. அந்த ஏழரை நிமிடத்தைக் கணக்கிட்டது ஒரு மென்பொருள். அதே தொழிலாளர் சாசனத்தின் 4ஆம் பிரிவின்படி, அப்படியான கருவி சேர்க்கும் தகவலை ஆளுக்கு எதிராகப் பாவிக்க வேண்டுமானால், கருவி எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கண்காணிக்கிறது என்று முன்பே அவருக்குப் போதிய அளவு அறிவித்திருக்க வேண்டும். எப்போது, எந்தக் கடதாசியில் அறிவித்தீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. செவ்வாய்ச் சந்திப்பு ஒவ்வொன்றும் முடிந்த அன்றே, 'இன்று பேசியது இவை' என்று குழுத் தலைவருக்கு மூன்று வரி அனுப்பி வைத்தாள். நாளைக்கு வழக்கு வந்தால் கம்பனி இந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டுதான் வரும், 'நாங்கள் சந்தர்ப்பம் கொடுத்தோம்' என்று. அப்போது எதிர்ப் பக்கத்திலும் தாள் இருக்க வேண்டும்.

கடைசியாக அந்த மரியாதையான விலகல். அண்ணரின் கட்டுரையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இது. இத்தாலியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு, ஒழுக்காற்றுக் காரணத்தால் நீக்கப்பட்டவருக்கும்கூட, நாஸ்பி என்ற வேலையின்மைக் கொடுப்பனவு உண்டு. முந்தைய நாலு வருசத்தில் குறைந்தது 13 கிழமைப் பங்களிப்பு இருக்க வேண்டும், வேலை முடிந்து 68 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பத்ரோனாத்தோவில் கொடுத்தால் அவர்களே அனுப்பி வைப்பார்கள். நான்கு வருசம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது 24 மாதம் வரை போகும். தானாக விலகியவருக்கோ, சம்பளம் தராமை போன்ற நியாயமான காரணத்தைக் காட்டினாலொழிய, ஒரு சதமும் இல்லை. நீக்கலை எதிர்க்க, கடிதம் கிடைத்து 60 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம், பிறகு 180 நாளுக்குள் நீதிமன்றத்துக்கோ சமரசத்துக்கோ போகலாம். விலகியவருக்கு எதிர்க்க எதுவுமில்லை. ஆத்திரத்தில் இணையவழி ராஜினாமாவை அனுப்பிவிட்டவர்கள் ஏழு நாளுக்குள் அதைத் திரும்பப் பெறலாம் என்பது மட்டும் ஆறுதல்.

பெர்மெஸ்ஸோ கதை முழுப் பொய். 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கச் சட்டம், 22ஆம் பிரிவு: வேலை போனது அனுமதியை ரத்துச் செய்யக் காரணம் ஆகாது. அனுமதியின் மீதிக் காலத்துக்கும், எப்படியும் ஒரு வருசத்துக்குக் குறையாமலும், வேலை தேடுகிறவராகப் பதிந்துகொண்டு இருக்கலாம். துரத்தினாலும் அதேதான், விலகினாலும் அதேதான். எதைக் காப்பாற்ற விலகச் சொல்கிறாரோ அது விலகாமலே பத்திரமாக இருக்கிறது. விலகினால் கையை விட்டுப் போவது நாஸ்பி.

இவ்வளவும் தெரியாதவரல்ல அண்ணர் என்று யாராவது சொல்வார்கள். அவருக்குத் தெரிந்தது வேறு. எண்பதுகளில் இங்கு வந்திறங்கிய தலைமுறை பலெர்மோவின் வீடுகளுக்குள் வேலைக்குப் போனது. வீட்டு வேலைக்காரரை நீக்கச் சின்யோராவுக்குக் காரணம் தேவையில்லை, முன்னறிவித்தல் கொடுத்தால் போதும்; நியாயமான காரணம் கேட்கும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாசலுக்குள் நுழைவதில்லை. அங்கே பிழைத்திருக்க ஒரே வழி முகத்தைப் படிப்பது. சின்யோரா சிரித்தால் பயமில்லை. முகம் கோணினால் இரண்டு நாள் பேசாமல் இருந்து பிறகு மன்னிப்புக் கேள். போகச் சொல்லுமுன் நல்ல பெயரோடு போனால் அடுத்த வீட்டுக்குச் சிபாரிசு கிடைக்கும். அது அந்த வாசலுக்குச் சரியான புத்தி. அந்தப் புத்தியால்தான் எங்களில் பலர் இங்கு காலூன்றினோம். அதை நான் இளக்காரம் செய்ய மாட்டேன். ஆனால் அண்ணர் அதே புத்தியைப் பிள்ளைகளின் கோல் சென்டருக்குள் கொண்டுபோய் வைக்கிறார். அங்கே முகம் இல்லை. சிரிப்பும் நன்றியும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே அச்சில் வருகின்றன. வேலையை வைத்திருப்பதும் பறிப்பதும் இணைப்பில் உள்ள பிரிவு இலக்கமும் திகதியும்தான்.

எல்லாருக்கும் இந்தக் கவசம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சோதனைக் காலத்தில் இருப்பவரை இலகுவாக அனுப்பிவிடலாம். தவணை ஒப்பந்தக்காரருக்கு முன்னேற்றத் திட்டம் எழுதும் சிரமம்கூடக் கம்பனிக்கு இல்லை. திகதி முடிந்தால் வேலை முடிந்தது. 2015 மார்ச் 7 முதல் சேர்ந்தவர்கள் வழக்கில் வென்றாலும் பெரும்பாலும் கிடைப்பது காசு, பழைய கதிரை அல்ல. நேர்மையாக எழுதப்பட்ட முன்னேற்றத் திட்டங்களும் உண்டு. அவற்றில் எண்ணும் பயிற்சி நாளும் தெளிவாக இருக்கும், கேட்ட கேள்விக்குப் பதிலும் வரும். கேள்வி கேட்டுத்தான் அதையும் கண்டுபிடிக்க முடியும்.

அந்தப் பிள்ளையைப் பிரதிநிதியோடு மார்ச் 18ஆம் திகதி கேட்டார்கள். இணைப்புக் கோளாறு அறிக்கை வந்தது; முதல் அழைப்பைக் கம்பனி கைவிட்டது. இரண்டாவதற்கு எழுத்துக் கண்டிப்பு. இரண்டு வருசம் கழிந்தால் அதை வைத்து அவளைத் 'திரும்பக் குற்றம் செய்தவள்' என்று சொல்ல முடியாது. திட்டத்தைக் கோளாறு வரிசையின் சராசரியோடு திருத்தி எழுதினார்கள், ஒரு மாதம் கூட்டினார்கள். இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

மலர் ஆசிரியர்களுக்கு ஒன்று: அந்தக் கட்டுரையைத் திருத்தி அடுத்த வருசம் போடுகிறோம் என்று சொல்லாதீர்கள். விநியோகிக்காமல் மிச்சமிருக்கும் பிரதிகளில் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் நான் கேட்பது, இப்படியொரு மின்னஞ்சல் வீட்டில் யாருக்காவது வந்தால் இணைப்பை அன்றே திறந்து, அடுத்த வேலை நாளே ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.